ஒரு நாள் சிறுநீரும் வழக்கமான உப்பும்: அளவீட்டுப் பிழையால் நீர்த்துப்போன தொடர்பைத் திருத்தும் வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் நிறைந்த ஐந்து லிட்டர் கேனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். “நேத்து வந்திருந்தா மக வீட்டு விசேஷத்துல பிரியாணியும் ஊறுகாயும் தின்னிருந்தேன். இன்னைக்கு வயிறு சரியில்லன்னு வெறும் மோர்க்கஞ்சி. இதை வச்சு என் உப்பை எப்படித் தாயி கணக்குப் போடுவீக?” புள்ளியியல் வகுப்பில் நான் பல வாரங்கள் படித்ததை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். நாம் அறிய விரும்புவது அவர் வழக்கமாக உண்ணும் உப்பை. கேனில் இருப்பதோ ஒரு நாளின் உப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இடையிலான தொடர்பைக் கணித்தால், உண்மையில் இருக்கும் தொடர்பு பாதிக்கும் குறைவாகத் தெரியக்கூடும்.

இராமநாதபுரம் கடற்கரையில் இத்தகைய கள ஆய்வு செய்பவர்களுக்கும், அவற்றின் முடிவுகளைப் படிப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். மீனவர், உப்பளத் தொழிலாளர், கருவாடு காயவைப்போர் எனப் பலர் வாழும் இக்கரையில் உப்பு பற்றிய கேள்வி இயல்பாகவே எழுகிறது. கீழே வரும் கணக்கில் உள்ள எண்கள், கணக்கிடும் முறையை விளக்க நான் அமைத்துக்கொண்டவை. எந்த ஊரின் முடிவும் அவற்றில் இல்லை.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

சாதாரண நிலையில் ஒருவர் உட்கொள்ளும் சோடியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால்தான் இருபத்துநான்கு மணி நேரச் சேகரிப்பை நம்பகமான முறையாகக் கொள்கிறார்கள். அளவு மில்லிமோலில் வரும். ஒரு கிராம் சமையல் உப்பில் சுமார் 17 மில்லிமோல் சோடியம் உள்ளது. ஆகவே 100 மில்லிமோல் என்பது கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்ற வரம்பு, மில்லிமோலில் 85-ஐ ஒட்டி வரும்.

ஒருவரின் வழக்கமான அளவை X என்றும், நாம் அளந்ததை W என்றும், அன்றைய நாளுக்கே உரிய ஏற்ற இறக்கத்தை U என்றும் வைத்தால், W = X + U. U சராசரியில் பூச்சியம், X-ஐச் சார்ந்ததன்று, இரத்த அழுத்தத்தையும் சார்ந்ததன்று என்னும் மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் அதை வழமையான அளவீட்டுப் பிழை என்பார்கள். திருத்தும் முறை முழுவதும் இம்மூன்றின் மேல்தான் நிற்கிறது. அவை எங்கே உடைகின்றன என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் நமது கரையில் அவை உடைவதற்கான காரணங்கள் நிறைய உள்ளன.

சாய்வு ஏன் குறைகிறது என்பதை வாய்பாடு இல்லாமலே காணலாம். அளந்த சோடியத்தைக் கிடை அச்சிலும் இரத்த அழுத்தத்தைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். வலக்கோடியில் விழும் புள்ளிகளில் ஒரு பகுதி, எப்போதும் அதிக உப்பு உண்பவர்கள். இன்னொரு பகுதி, அன்று மட்டும் விசேஷ வீட்டில் சாப்பிட்டவர்கள். இந்த இரண்டாம் பகுதியினரின் இரத்த அழுத்தம் அவர்களுடைய வழக்கமான உப்புக்கு ஏற்றபடிதான் இருக்கும். இடக்கோடியில் மோர்க்கஞ்சி குடித்தவர்களுக்கும் இதே நிலைதான். புள்ளிகள் கிடைவாக்கில் இரு பக்கமும் இழுக்கப்பட்டு, உயரம் மட்டும் மாறாமல் நிற்பதால், அவற்றின் ஊடே வரையும் கோடு படுத்துவிடுகிறது. எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது நிமிராது. ஆட்களைக் கூட்டினால் தவறான சாய்வின் நம்பிக்கை இடைவெளிதான் குறுகும்.

எவ்வளவு படுக்கிறது என்பதை λ என்ற விகிதம் சொல்லும். X-இன் விலக்க வர்க்கச் சராசரியை W-இன் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால் கிடைப்பது λ. அளந்த சாய்வு என்பது உண்மைச் சாய்வை λ-ஆல் பெருக்கியது. λ பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருப்பதால், பிழை சாய்வைக் குறைக்கவே செய்யும்.

மறு அளவீட்டைத் திட்டமிடுங்கள்

ஒரே ஒரு முறை அளந்த தரவிலிருந்து λ-வைக் கண்டுபிடிக்க வழியில்லை. சிலரையாவது இரண்டாம் முறை அளக்க வேண்டும். இதற்கான பணத்தையும் நாட்களையும் ஆய்வு தொடங்கும் முன்னரே ஒதுக்காவிட்டால் பின்னர் ஒதுக்க முடியாது என்பது என் அனுபவம்.

மறுபடி அளக்கப்படுபவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். “இன்னொரு தடவை தாரோம்” என்று தாமாக முன்வருபவர்களை மட்டும் எடுத்தால், ஒழுங்கான வாழ்க்கை முறை உள்ளவர்களும் கேனைக் கவனமாக நிரப்புபவர்களுமே அதிகம் சேர்வார்கள். அவர்களிடையே நாளுக்கு நாள் மாற்றம் குறைவாக இருக்கும். λ உண்மையைவிடப் பெரிதாக வரும், திருத்தம் போதாமல் போகும்.

அடுத்தது இடைவெளி. இதில் நானே தவறியிருக்கிறேன். முதன்முதலில் இப்படி ஓர் ஆய்வில் வேலை செய்தபோது, மறுபடி அந்த ஊருக்கு வர வண்டிச் செலவாகுமே என்று மூன்று நாள் கழித்தே இரண்டாம் கேனை வாங்கிவிட்டேன். λ அழகாக 0.6-க்கு மேல் வந்தது. பிறகுதான் உறைத்தது: இரண்டு கேன்களும் ஏப்ரல் கடைசியில், மீன்பிடித் தடைக்காலத்துக்குள் விழுந்திருந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வீட்டுச் சமையலும், கையில் இருக்கும் காசும், கருவாட்டின் பங்கும் மற்ற மாதங்களைப் போல் இருப்பதில்லை. ஒரே பருவத்தில் இரண்டு முறை அளந்தால், அந்தப் பருவத்துக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் மட்டுமே பிடிபடும். பருவத்துக்குப் பருவம் மாறுவது “வழக்கமான அளவு” போல வேடமிட்டு X-க்குள் ஒளிந்துகொள்ளும். ஆண்டு முழுவதற்குமான வழக்கத்தை அறிய வேண்டுமென்றால், ஒரு கேன் தடைக்காலத்திலும் மற்றொன்று அதற்கு வெளியிலும் அமையும்படி மாதக் கணக்கில் இடைவெளி விட வேண்டும். மிக நீண்ட இடைவெளியும் ஆகாது. ஐந்தாண்டு கழித்து அளந்தால், அந்த மனிதரின் வழக்கமே உண்மையில் மாறியிருக்கலாம். அந்த மாற்றத்தைப் பிழை என்று எண்ணக் கூடாது.

சேகரிப்பு முழுமையானதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். காலை முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அனைத்தையும் கேனில் சேர்ப்பதுதான் விதி. கடலுக்குப் போனவர் இரவில் படகில் விட்டதைச் சேர்க்க முடியாது. சந்தைக்குப் போன பெண் கேனைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். இப்படி விடுபடுவது எப்போதும் அளவைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஆகவே U-இன் சராசரி பூச்சியமாக இருக்காது. கிரியாட்டினினையும் சேர்த்து அளந்தால் இது தெரியவரும். அது பெரும்பாலும் தசையின் அளவைப் பொறுத்தது, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் அதிகம் மாறாது. ஒருவரின் முதல் கேனில் 1.3 கிராமும் இரண்டாம் கேனில் 0.7 கிராமும் இருந்தால், இரண்டாவது கேன் நிரம்பவில்லை என்றே கொள்ளலாம்.

λ-வைக் கணக்கிடுங்கள்

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் 900 பெரியவர்களிடம் ஒரு முறை சிறுநீர்ச் சோடியமும், மேல் இரத்த அழுத்தமும் அளந்துவிட்டோம். சோடியத்தின் சராசரி 150 மில்லிமோல், திட்ட விலக்கம் 70. தொடர்புப் போக்குக் கோட்டின்படி, 100 மில்லிமோல் கூடினால் மேல் இரத்த அழுத்தம் 2.0 மி.மீ. பாதரசம் கூடுகிறது. அதன் திட்டப் பிழை 0.7, எனவே 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.6 முதல் 3.4 வரை.

இந்த 900 பேரில் குலுக்கலில் தேர்ந்த 100 பேரை நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தோம். ஒவ்வொருவருக்கும் முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழியுங்கள். ஒருவருக்கு 214, 118 என்றால் வித்தியாசம் 96. நூறு வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 74 என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 5476. ஒவ்வொரு வித்தியாசத்திலும் இரண்டு நாட்களின் பிழை கலந்திருப்பதால் இதைப் பாதியாக்க வேண்டும்: 2738. இதுதான் ஒருவருக்குள்ளேயே நிகழும் ஏற்ற இறக்கம். 900 பேரின் மொத்த விலக்க வர்க்கச் சராசரி 70-இன் வர்க்கம், அதாவது 4900. 2738-ஐ 4900-ஆல் வகுத்தால் 0.56. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் λ = 0.44. கேன்களில் நாம் கண்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே அல்ல, நாளுக்கு நாள் உள்ளது என்பது இதன் பொருள்.

R-இல் இது நான்கு வரி:

```r
u  <- var(maru$na1 - maru$na2) / 2
lam <- 1 - u / var(muzhu$na1)
b  <- coef(lm(sbp ~ na1, data = muzhu))["na1"]
b / lam
```

`muzhu` என்பது 900 பேரின் தரவு, `maru` என்பது மறுபடி அளந்த 100 பேருடையது. வித்தியாசங்களின் வர்க்கங்களை நேரடியாகச் சராசரி எடுக்காமல் `var` பயன்படுத்துவதற்குக் காரணம், இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் அது பிழைக் கணக்கில் சேராமல் இருக்க வேண்டும் என்பதே.

கணினி தந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். மறுபடி அளக்கப்பட்ட 100 பேரை முதல் அளவின்படி வரிசைப்படுத்தி, மேல் 20 பேரையும் கீழ் 20 பேரையும் எடுங்கள். நமது எடுத்துக்காட்டில் மேல் குழுவின் முதல் அளவுச் சராசரி சுமார் 248, கீழ் குழுவினது சுமார் 52, இடைவெளி 196. அதே ஆட்களின் இரண்டாம் அளவுச் சராசரியைப் பாருங்கள்: மேல் குழு 193-க்கு இறங்கியிருக்கும், கீழ் குழு 107-க்கு ஏறியிருக்கும். இடைவெளி 86 ஆகச் சுருங்கிவிட்டது. 86-ஐ 196-ஆல் வகுத்தால் அதே 0.44. கீழ் குழுவினர் நான்கு மாதத்தில் உப்பைக் கூட்டவும் இல்லை, மேல் குழுவினர் குறைக்கவும் இல்லை. முதல் நாளில் கோடியில் விழுந்தவர்கள், அடுத்த நாளில் தம் வழக்கத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான். ஸ்டீபன் மக்மஹோனும் உடனிருந்தோரும் 1990-இல் இரத்த அழுத்தத்தையும் பக்கவாதத்தையும் பற்றிய தொடராய்வுகளைத் தொகுத்தபோது கையாண்டது இந்த முறையையே. ஒரே ஒரு முறை அளந்த இரத்த அழுத்தத்தை வைத்துச் சொல்லப்பட்ட தொடர்பைவிட, வழக்கமான இரத்த அழுத்தத்தின் தொடர்பு சுமார் 60 சதவீதம் வலுவானது என்று அவர்கள் கண்டார்கள்.

சாய்வைத் திருத்துங்கள், இடைவெளியையும் விரியுங்கள்

2.0-ஐ 0.44-ஆல் வகுத்தால் 4.5. வழக்கமான உப்பு 100 மில்லிமோல் கூடுதலாக இருந்தால் மேல் இரத்த அழுத்தம் 4.5 மி.மீ. கூடுதலாக இருக்கும் என்பது திருத்திய மதிப்பீடு. நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகளையும் 0.44-ஆல் வகுத்தால் 1.4 முதல் 7.7 வரை வரும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் λ-வும் நூறே பேரிடமிருந்து வந்த மதிப்பீடுதான். அதன் திட்டப் பிழை ஏறத்தாழ 0.08. அதையும் சேர்த்தால் இடைவெளி சுமார் 1.0 முதல் 8.0 வரை விரியும். மறு மாதிரியெடுப்பு முறையில் 900 பேரையும் 100 பேரையும் ஒன்றாகக் குலுக்கிக் கணக்கிட்டால், மேல் முனை இன்னும் சற்று நீண்டு, இரு பக்கமும் சமமற்ற இடைவெளியாக வரும். அதுவே நேர்மையானது என்பது என் கருத்து.

திருத்தம் சாய்வைப் பெரிதாக்குகிறதே தவிர, சான்றை வலுவாக்குவதில்லை. சாய்வும் அதன் பிழையும் ஒரே எண்ணால் வகுபடுவதால் இரண்டின் விகிதம் மாறாது. திருத்தும் முன் “தொடர்பு இல்லை” என்ற வாய்ப்பை விலக்க முடியாத தரவு, திருத்திய பின்னும் விலக்காது. அளவீட்டுப் பிழை தின்றுவிட்ட தகவலைக் கணக்கால் மீட்க முடியாது, மேலும் அளந்துதான் மீட்க வேண்டும். அதற்கு எவ்வளவு அளக்க வேண்டும்? ஒவ்வொருவரிடமும் இரண்டு நாள் சராசரி எடுத்தால் λ 0.44-இலிருந்து 0.61 ஆகும். மூன்று நாள் எடுத்தால் 0.70. ஏழு நாள் எடுத்தாலும் 0.85-ஐத் தாண்டாது. ஏழு நாள் கேன் தூக்கச் சொன்னால் நம் ஊரில் யார் சம்மதிப்பார்கள் என்பது வேறு கேள்வி.

இரத்த அழுத்தத்தை அளப்பதிலும் பிழை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் செங்குத்து அச்சில் உள்ள தற்செயலான பிழை சாய்வைச் சாய்க்காது, இடைவெளியைத்தான் அகலமாக்கும். ஒட்டுறவுக் கெழுவை எடுத்தால் நிலைமை வேறு. அதை இரு பக்கப் பிழையும் குறைக்கும். சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இலேயே இதற்கான திருத்தத்தைத் தந்தார்: அளந்த கெழுவை, இரு λ-க்களின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நமது தரவில் இரத்த அழுத்தத்தின் திட்ட விலக்கம் 15 என்றால் அளந்த கெழு 0.09 மட்டுமே. இரத்த அழுத்தத்தின் λ 0.7 என்று வைத்துத் திருத்தினால் 0.17. “ஒட்டுறவு 0.09, ஆகவே உப்புக்கு முக்கியத்துவம் இல்லை” என்று எழுதப்பட்ட அறிக்கையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை ஓரமாகப் போட்டுப் பாருங்கள்.

வயதும் எடையும் கோட்டுக்குள் வந்தால் λ மாறும்

நான் பார்த்தவற்றுள் அதிகம் பேர் இடறும் இடம் இதுதான். வயது, பாலினம், உடல் எடை ஆகியவற்றையும் சேர்த்துத் தொடர்புப் போக்கைக் கணக்கிட்டபின், சோடியத்தின் சாய்வைப் பழைய 0.44-ஆலேயே வகுத்துவிடுகிறார்கள். அது போதாது.

ஆண்கள் அதிகம் உண்கிறார்கள், எடை கூடியவர்கள் அதிகம் உண்கிறார்கள். ஆகவே சோடியத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதியை இம்மூன்றும் ஏற்கெனவே விளக்கிவிடுகின்றன. நாள் வேறுபாட்டை அவை விளக்குவதில்லை, மோர்க்கஞ்சி நாளுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? நமது தரவில் அவை 4900-இல் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்போம். மிஞ்சுவது 4165. அதில் பிழையின் பங்கு முன்போலவே 2738. ஆகவே புதிய λ, ஒன்றிலிருந்து 0.66-ஐக் கழித்த 0.34. சேர்மானங்களுடன் வந்த சாய்வு 1.2 என்றால், திருத்திய மதிப்பு 3.5. பழைய λ-ஆல் வகுத்திருந்தால் 2.7 என்று நின்றிருக்கும். எத்தனை மாறிகளைச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு எஞ்சும் உண்மை வேறுபாடு சுருங்கி, பிழையின் பங்கு ஓங்கும். அதனால்தான் “மற்றவற்றைக் கட்டுப்படுத்தியபின் தொடர்பு மறைந்தது” என்னும் முடிவைப் படிக்கும்போது, மறைந்தது தொடர்பா, அல்லது மோசமாக அளக்கப்பட்டது நன்றாக அளக்கப்பட்டவற்றிடம் தோற்றதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குழப்பும் மாறியே மோசமாக அளக்கப்பட்டிருந்தால் விளைவு எந்தத் திசையிலும் போகலாம். குடிப்பழக்கத்தை வீட்டார் முன்னிலையில் கேட்டு எழுதினால், அதன் விளைவில் பிடிபடாத பகுதி உப்பின் கணக்கில் ஏறி, உப்பின் சாய்வைப் பெரிதாக்கக்கூடும். “அளவீட்டுப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், ஆகவே உண்மை இதைவிட அதிகம்தான்” என்று ஆய்வேடுகளின் கடைசிப் பத்தியில் எழுதும் வழக்கம் இதனால்தான் ஏற்கத்தக்கதன்று.

திருத்தக் கூடாத இடங்கள்

U இரத்த அழுத்தத்தைச் சார்ந்ததன்று என்னும் நிபந்தனை, கேனையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே நாளில் எடுக்கும்போது ஆட்டம் காண்கிறது. அன்றைய அதிக உப்பு அன்றைய அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால், அளந்த சாய்வில் அந்த ஒரு நாள் விளைவும் கலந்துவிடும். அதையும் சேர்த்து λ-ஆல் வகுத்தால் மிகையான எண் கிடைக்கும். இது கற்பனைக் கவலை அல்ல. 32 நாடுகளில் 52 மையங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் இந்தியாவிலிருந்து லடாக்கும் புது டெல்லியும் இடம்பெற்றன. சுமார் 8 சதவீதம் பேரை மறுபடி அளந்து சாய்வைத் திருத்தினார்கள். 1996-இல் அவர்கள் வெளியிட்ட மறு ஆய்வில், மையங்களுக்குள் சோடியம் 100 மில்லிமோல் கூடினால் மேல் இரத்த அழுத்தம் 3 முதல் 6 மி.மீ. கூடுவதாகச் சொன்னார்கள். உடல் எடையைச் சேர்த்தால் கீழ் எண், சேர்க்காவிட்டால் மேல் எண். ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஆண்ட்ரூ பிலிப்ஸும் அதே ஆண்டு இதை எதிர்த்தார்கள்: சோடியமும் இரத்த அழுத்தமும் ஒரே சமயத்தில் அளக்கப்பட்டதால் இரண்டின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும், ஆகவே திருத்தம் மிகைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

நம் தரவில் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மறுபடி அளந்த 100 பேரின் முதல் நாள் சோடியத்தை, இரண்டாம் சுற்று இரத்த அழுத்தத்தோடு பொருத்திச் சாய்வு காணுங்கள். அதே நாள் அழுத்தத்தோடு பொருத்தியதைவிட அது தெளிவாகக் குறைந்தால், பிழைகள் பிணைந்துள்ளன. நூறு பேரில் இந்த ஒப்பீடு தெளிவில்லாமல் போகலாம். அதனால் தொடக்கத்திலேயே இரத்த அழுத்தத்தைக் கேன் வாங்கும் நாளில் எடுக்காமல் வேறொரு நாளில் எடுப்பது மேல்.

செலவைக் குறைக்க ஒரே ஒரு வேளைச் சிறுநீரை எடுத்து, கவாசாகி சூத்திரத்தால் நாள் முழுவதற்குமான அளவை ஊகிப்பது இன்னொரு பொறி. அந்தச் சூத்திரத்துக்குள் வயது, பாலினம், எடை, உயரம் எல்லாம் இருக்கின்றன. இரத்த அழுத்தத்தை நிர்ணயிப்பவை சோடியத்தின் பெயரில் உள்ளே வந்துவிடுகின்றன. இதைக் கண்டறிய எளிய வழி: எல்லோருக்கும் ஒரே சோடிய அளவை இட்டுச் சூத்திரத்தை ஓட்டி, அதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நீங்கள் கண்ட தொடர்பில் ஒரு பங்கு எடையினுடையது. அதை எந்த λ-வும் திருத்தாது.

திருத்தம் தேவையே இல்லாத ஓர் இடமும் உண்டு. நாளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒருவரின் ஒரே கேனை வைத்து அவருடைய இரத்த அழுத்தத்தை ஊகிப்பதுதான் நோக்கம் என்றால், அவருடைய அளவிலும் அதே பிழை இருக்கும். அப்போது திருத்தாத 2.0-ஐயே பயன்படுத்த வேண்டும். 4.5 என்பது உப்பின் விளைவைப் பற்றிய கேள்விக்கான விடை, ஊகத்துக்கான கருவி அல்ல.

கடைசியாக, வாலிநோக்கம் போன்ற இடங்களின் உப்பளத் தொழிலாளர். பாத்திகளில் வெயிலில் நின்று உப்பை வாரி ஒதுக்கும் ஒருவரின் உடலிலிருந்து வியர்வையாகவே நிறையச் சோடியம் போய்விடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வரும் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவர் உண்பது அதிகமாக இருந்தும் கேன் குறைவாகக் காட்டும். மறுபடி அளந்தாலும் வேலை அதேதான், வெயில் அதேதான், இரண்டாம் கேனும் அதே பக்கமே சாயும். இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போவதால் λ உயர்ந்தே வரும், பிழை இருப்பதே தெரியாது. மறு அளவீடு தற்செயலான பிழையை மட்டுமே காட்டிக்கொடுக்கும், இப்படி நிலையாக ஒரு பக்கம் சாய்வதைக் காட்டாது. ஆகவே அவர்களைத் தனிப் பிரிவாக வைத்துச் சாய்வைத் தனியே கணக்கிட வேண்டும், அல்லது உப்பு வாராத மழைமாதங்களில் அவர்களிடம் கேன் வாங்க வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புவேன், ஆனால் மழைமாதத்தில் பலர் வேறு வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள் என்பதால் யார் யார் கிடைக்கவில்லை என்ற பட்டியலையும் முடிவோடு சேர்த்தே தர வேண்டும். அட்டவணையில் திருத்தாத சாய்வு, திருத்திய சாய்வு, λ, அது எத்தனை பேரிடமிருந்து எத்தனை மாத இடைவெளியில் பெறப்பட்டது, இரத்த அழுத்தம் கேன் நாளில் எடுக்கப்பட்டதா இல்லையா ஆகிய ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். படிப்பவர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்வார்.